ஜீன்ஸின் நீலம் எங்கே போகிறது?

மேலே மூடி திறக்கும் வாஷிங் மெஷின் உங்கள் வீட்டில் இருந்தால், துணி துவைத்து முடிந்ததும் டிரம்மின் உள்சுவரைப் பாருங்கள். பல மெஷின்களில் அங்கே சின்ன வலைப்பை ஒன்று மாட்டியிருக்கும். அதைக் கழற்றி உள்ளே விரல் விட்டால் ஈரமான பஞ்சுத் தூசி திரண்டு வரும். அன்றைக்கு ஜீன்ஸ் துவைத்திருந்தால் அந்தத் தூசியில் நீலம் கலந்திருக்கும். பலரும் அதை அழுக்கு என்று நினைத்துக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். உண்மையில் அதில் பெரும்பகுதி உங்கள் துணியேதான். சட்டையிலிருந்தும் பேன்ட்டிலிருந்தும் துண்டிலிருந்தும் உடைந்து வந்த இழைகள் அவை. கல்லில் அடித்துத் துவைத்தாலும் பிரஷ்ஷால் தேய்த்தாலும் இதே தூசி வரத்தான் செய்யும். வடிகட்ட வலை இல்லாததால் தண்ணீரோடு போய்விடும், நம் கண்ணில் படாது.

இழை ஏன் உடைகிறது? பருத்தி இழை ஒன்றின் நீளம் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான். தடிமன் உங்கள் தலைமுடியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இப்படிப்பட்ட எத்தனையோ இழைகளைச் சேர்த்து முறுக்கினால் ஒரு நூல் வருகிறது. முறுக்கின் நடுவில் இருக்கும் இழைகள் பத்திரமாக இருக்கும். நூலின் மேற்பரப்பில் இருப்பவை அப்படியில்லை. எதன்மீது துணி உரசினாலும் முதல் அடி அவற்றுக்குத்தான். தண்ணீரில் நனைந்ததும் பருத்தி இழை நீரைக் குடித்துப் பருத்துவிடுகிறது. அப்போது அதன் மேல்தோலில் உள்ள மெல்லிய நார்கள் தளர்ந்து, உரசலில் எளிதாகப் பிரிந்து வருகின்றன.

மெஷினுக்குள் இந்த உரசல் ஓயாமல் நடக்கிறது. முன்பக்கம் கதவு உள்ள மெஷினில் டிரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐம்பது முறை சுற்றும். துணியை மேலே தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்து கீழே போடும். மேலே திறக்கும் மெஷினில் அடியில் உள்ள தட்டு இருபக்கமும் திரும்பித் திரும்பித் துணியைக் கலக்கும். இரண்டிலும் துணி துணியோடு உரசும், டிரம்மின் துளைகளோடு உரசும், பக்கத்துப் பேன்ட்டின் உலோகப் பட்டனோடும் உரசும். அழுக்கு போவதற்கும் இந்த உரசல் வேண்டும். சோப்புத் தண்ணீரில் துணியை அசையாமல் ஊற வைத்தால் மட்டும் அழுக்கு முழுவதும் போய்விடாது. ஆகவே உரசலே இல்லாமல் துவைக்க முடியாது. துணியின் எந்தப் பக்கம் அந்த உரசலைத் தாங்கட்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடும்போது நாம் செய்வது அந்த முடிவைத்தான்.

சரி, உள்பக்கம் தேய்ந்தால் என்ன, வெளிப்பக்கம் தேய்ந்தால் என்ன, இரண்டும் ஒரே துணிதானே என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு ஒரு பழைய ஜீன்ஸே பதில் சொல்லும். இனி யாரும் போடமாட்டார்கள் என்று ஒதுக்கிவைத்த ஜீன்ஸ் ஒன்றைப் பெரியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். அதன் காலின் அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். முதலில் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். வெளிப்பக்கம் நீலம். உள்பக்கம் வெளுப்பாக, நீலப் புள்ளி தூவியதுபோல் இருக்கும். இனி ஓரத்திலிருந்து ஒவ்வொரு நூலாக உருவுங்கள். நீளவாட்டில் வரும் நூல்கள் நீலமாகவும், குறுக்கே வரும் நூல்கள் வெள்ளையாகவும் இருக்கும். தறியில் நீளவாட்டில் கட்டும் நூலைப் பாவு என்றும், குறுக்கே ஓடுவதை ஊடை என்றும் நெசவாளர்கள் சொல்வார்கள். ஜீன்ஸ் துணியில் பாவு நூலுக்கு மட்டும்தான் சாயம். நெய்யும்போது பாவு நூல் மூன்று ஊடை நூல்களுக்கு மேலே போய், ஒன்றுக்கு அடியில் நுழைந்து, மறுபடி மூன்றுக்கு மேலே வருகிறது. அதனால் வெளிப்பக்கத்தில் பெரும்பாலும் நீல நூலே தெரிகிறது. உள்பக்கத்தில் பெரும்பாலும் வெள்ளை நூல் தெரிகிறது.

இதில் இன்னொரு ரகசியம் இருக்கிறது. உருவிய நீல நூலில் ஒன்றை எடுத்து, இரண்டு கை விரல்களாலும் அதன் முறுக்கை மெல்லப் பிரியுங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. நூலின் நடுப்பகுதி வெள்ளையாகத் தெரியும்! சாயம் நூலின் வெளிச்சுற்றில் மட்டும் ஏறியிருக்கிறது. கத்தரிக்காயை நறுக்கினால் தோல் ஊதாவும் உள்ளே வெள்ளையும் இருக்கிறதே, அதே அமைப்பு.

சாயம் ஏன் நடுவரைக்கும் போகவில்லை? ஜீன்ஸுக்குப் போடும் நீலச் சாயத்தின் பெயர் இண்டிகோ. முன்பு அவுரிச் செடியின் இலையிலிருந்து எடுத்தார்கள். நம் திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. ஜெர்மனியில் உள்ள பிஏஎஸ்எஃப் நிறுவனம் 1897-ல் இதை வேதிப்பொருள்களிலிருந்து தயாரித்து விற்கத் தொடங்கியது. இன்றைய ஜீன்ஸில் பெரும்பாலும் இருப்பது அப்படித் தொழிற்சாலையில் செய்த இண்டிகோதான். இந்தச் சாயத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. நீலமாக இருக்கும்போது அது தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலுக்குள் எப்படிப் போகும்? அதனால் வேதிப்பொருள்களைச் சேர்த்து அதை மஞ்சள் கலந்த பச்சை நிறமான வேறொரு வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். அந்த வடிவம் கரையும். பாவு நூல்களைக் கயிறு போலத் திரட்டி அந்தத் தொட்டியில் சிறிது நேரம் முக்கி, வெளியே எடுத்துக் காற்றில் காட்டுவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் பச்சை கண்ணெதிரே நீலமாக மாறும். மறுபடி முக்கி, மறுபடி காற்றில் காட்டுவார்கள். இப்படிப் பல முறை செய்தால்தான் அடர்ந்த நீலம் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் முக்கும் நேரம் குறைவு. நடுப்பகுதிக்குச் சாயம் போய்ச் சேரும் முன்பே நூல் வெளியே வந்துவிடுவதால், சாயம் நீலமாகி, மறுபடி கரையாத வடிவத்தில் அங்கேயே தங்கிவிடுகிறது.

தங்கிவிடுகிறது என்று சொன்னேன், பிணைந்துவிடுகிறது என்று சொல்லவில்லை. இண்டிகோ பருத்தியோடு வேதிப்பிணைப்பு எதுவும் போட்டுக்கொள்வதில்லை. நுண்துகள்களாக இழைகளின் மேலும் இடுக்குகளிலும் சிக்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே மேற்பரப்பு உரசப்பட்டால் இரண்டு இழப்புகள் சேர்ந்து நடக்கின்றன. சாயத் துகள்கள் உதிர்கின்றன. சாயம் ஏறிய வெளி இழைகளே உடைந்து போகின்றன. இரண்டுக்கும் பிறகு, அடியில் இருந்த வெள்ளை எட்டிப் பார்க்கிறது. ஜீன்ஸ் வெளுப்பது இப்படித்தான்.

இதைத் தொழிற்சாலைகள் வேண்டுமென்றே செய்வதும் உண்டு. கடையில் வாங்கும்போதே வெளுத்ததுபோல் இருக்கும் ஜீன்ஸைப் பார்த்திருப்பீர்கள். எரிமலைக் குழம்பிலிருந்து உண்டாகும், துளைகள் நிறைந்த நுரைக்கல்லோடு சேர்த்துப் பெரிய டிரம்மில் போட்டுச் சுற்றினால் அந்த நிறம் கிடைத்துவிடும். கற்கள் உரச உரச நீலம் போய்க்கொண்டே இருக்கும். நம் வீட்டு மெஷினில் கல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் அதே வேலை மெதுவாக நடக்கிறது.

வெளுத்த இடத்தைப் பார்த்து, அது போட்டு நடந்ததால் வந்ததா, துவைத்ததால் வந்ததா என்று துப்பறியலாம். முழங்காலிலும் தொடையிலும் உட்காரும் இடத்திலும் அகலமாக வெளுத்திருந்தால் அது போட்டுப் புழங்கியதால் வந்தது. காலின் நீளவாட்டில், காரணமே இல்லாத இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அது பெரும்பாலும் துவைப்பின் வேலை. மெஷினுக்குள் ஜீன்ஸ் மடங்கி, அந்த மடிப்பு அப்படியே நிலைத்துவிட்டால், மடிப்பின் விளிம்பு மட்டும் திரும்பத் திரும்ப அடி வாங்குகிறது. பாக்கெட்டின் ஓரம், தையல் ஓடும் இடங்கள், காலின் அடி மடிப்பு ஆகியவை துணி இரட்டையாகிப் புடைத்திருக்கும் இடங்கள் என்பதால் அவையும் முதலில் வெளுக்கும்.

இப்போது அதே ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மெஷின் சுற்றுவது குறையாது. மடிப்பும் விழும். ஆனால் மடிப்பின் விளிம்பில் இப்போது நிற்பது பெரும்பாலும் சாயம் ஏறாத ஊடை நூல். அது தேய்ந்தாலும் போவது வெள்ளை இழைதான். நீல முகம் உள்ளே ஒடுங்கி, தன்னைப் போன்ற இன்னொரு நீல முகத்தோடு மட்டும் லேசாக உரசிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு வேறுபாடு என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சாயத் தொழிற்சாலைகளிலும் இதைப்போன்ற சோதனைதான் செய்கிறார்கள். வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு கருவியில் மாட்டி, அளவான அழுத்தத்தில் சாயத் துணிமேல் பத்து முறை முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். வெள்ளையில் எவ்வளவு கறை ஒட்டியது என்று பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 என்றால் கறையே இல்லை. நீங்கள் பழைய வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். அடர்நீல ஜீன்ஸின் வெளிப்பக்கத்தில் பத்து முறை தேய்த்து, கைக்குட்டையைப் பாருங்கள். அடுத்து கைக்குட்டையின் வேறொரு பகுதியை நனைத்துப் பிழிந்து, ஜீன்ஸில் தேய்க்காத வேறோர் இடத்தில் அதே அழுத்தத்தோடு தேயுங்கள். ஈரக் கறை உலர்ந்த கறையைவிட நன்றாகவே தெரியும். கடைசியாக, ஈரமான இன்னொரு பகுதியால் ஜீன்ஸின் உள்பக்கத்தைத் தேயுங்கள். அங்கும் கொஞ்சம் நீலம் ஒட்டும், ஏனென்றால் பாவு நூல் நான்கில் ஒரு பங்கு இடத்தில் உள்பக்கம் தலைகாட்டுகிறது. ஆனால் வெளிப்பக்கக் கறையோடு வைத்துப் பார்த்தால் அது மங்கல். புதிய ஜீன்ஸாக இருந்தால் வேறுபாடு இன்னும் தெளிவாக இருக்கும்.

ஜீன்ஸ் மட்டும்தான் இப்படியா? உங்கள் கறுப்பு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். அதில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே கறுப்பு. நல்ல டி-ஷர்ட் என்றால் அதன் சாயம் பருத்தியோடு வேதிப்பிணைப்பே போட்டிருக்கும், இண்டிகோவைப் போல் எளிதில் உதிராது. இருந்தும் சில மாதங்களில் அது சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடுகிறது. இங்கே நடப்பது வேறு. உரசலில் பாதி உடைந்த இழைகள் மேற்பரப்பில் முடிமுடியாக எழுந்து நிற்கின்றன. வழவழப்பான கறுப்புத் துணியில் விழும் ஒளி, நூல்களுக்கு நடுவே புகுந்து சாயத்தால் விழுங்கப்படுகிறது. எழுந்து நிற்கும் பூனைமுடிகள் அந்த ஒளியை வாசலிலேயே நாலாபக்கமும் சிதறடித்துவிடுகின்றன. சிதறிய ஒளி நம் கண்ணுக்கு வெளுப்பாகத் தெரிகிறது. சாயம் உள்ளே இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்க விடாமல் ஒரு மெல்லிய படலம் மறைக்கிறது.

நம்ப முடியவில்லையா? சாம்பல் பூத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பக்கத்தில் டி-ஷர்ட்டின் உள்பக்கத்திலும் ஒரு சொட்டு விடுங்கள். நனைந்த முடிகள் படுத்துவிடும், இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிடும், ஒளி சிதறுவது குறையும். ஈரத்தில் இரண்டு இடமும் ஒரே கறுப்பாகத் தெரிந்தால் சாயம் அங்கேதான் இருக்கிறது என்று பொருள். வெளிப்பக்கம் ஈரத்திலும் வெளுப்பாகவே இருந்தால் சாயமும் போயிருக்கிறது. சில சோப்புத் தூள்களில் செல்லுலேஸ் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். அது இந்த நுண்முடிகளை அரித்து எடுத்து நிறத்தை ஓரளவு மீட்டுத் தரும். டி-ஷர்ட்டைத் திருப்பிப் போட்டுத் துவைத்தாலோ, முடி எழும்புவது உள்பக்கத்தில் நடக்கும். அதை யார் பார்க்கப் போகிறார்கள்? மார்பில் படம் அச்சிட்ட டி-ஷர்ட்டுக்கு இது இன்னும் தேவை. அந்தப் படம் பெரும்பாலும் துணிமேல் படிந்த பிளாஸ்டிக் மை. உரசி மடங்கும்போது அது வெடித்து உரியும்.

இனி ஜிப்புக்கு வருவோம். ஜிப்பை மூடாத ஜீன்ஸும் மெல்லிய டி-ஷர்ட்டும் ஒரே டிரம்மில் சுற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க, முதலில் டி-ஷர்ட் துணி எப்படி அமைந்தது என்று தெரியவேண்டும். அது தறியில் நெய்தது அல்ல. திருப்பூரில் பனியன் துணி செய்வதுபோல, நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னிச் செய்தது. சாதாரணப் பின்னலில் ஒரே நூல் ஒரு வரிசை முழுவதும் கண்ணியாக வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு கண்ணியும் கீழ் வரிசையில் உள்ள கண்ணிக்குள் நுழைந்திருக்கிறது. துணி இழுத்தால் நீள்வதும் விட்டால் சுருங்குவதும் இந்தக் கண்ணிகளால்தான்.

ஜிப் என்பது இரண்டு நாடாக்களின் ஓரத்தில் வரிசையாகப் பதித்த பற்கள். இந்த வடிவத்தை அமெரிக்காவில் வேலை பார்த்த சுவீடன் நாட்டுப் பொறியாளர் கிடியான் சண்ட்பேக் 1913-ல் உருவாக்கினார். ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழி. தையற்காரர்கள் ரன்னர் என்று சொல்லும் அந்தச் சின்ன உலோகத் துண்டை மேலே இழுத்தால், ஒரு பல்லின் மேடு எதிர்ப்பல்லின் குழியில் உட்காரும். மூடிய ஜிப்பின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். பற்களின் முனை ஒன்றுக்குள் ஒன்று புதைந்து, தொட்டால் ஒரே வரிசையாக இருக்கும். திறந்த ஜிப்பின் ஓரத்தில் ஓட்டினால் ஒவ்வொரு முனையும் தனியாக விரலில் படும். முனைக்கும் முனைக்கும் இடையே ஒரு நூல் நுழையும் அளவுக்கு இடம் இருக்கிறது. டி-ஷர்ட்டின் கண்ணி மாட்டிக்கொள்வது அங்கேதான்.

மாட்டியதும் என்ன நடக்கிறது? டிரம் சுற்றும்போது கனமான ஜீன்ஸ் ஒரு பக்கம் விழுகிறது, டி-ஷர்ட் வேறு பக்கம் இழுபடுகிறது. மாட்டிய கண்ணி வெளியே இழுபட்டு நீள்கிறது. நீள்வதற்கு வேண்டிய நூலைப் பக்கத்துக் கண்ணிகளிலிருந்து உருவிக்கொள்கிறது. அதனால் துணியில் ஓர் இடத்தில் நூல் வளையம் தொங்க, அதன் இருபுறமும் வரிசை சுருங்கி ஒரு கோடாகத் தெரியும். இந்தக் கோடு இருந்தால் அது மாட்டி இழுபட்டதன் அடையாளம். தேய்ந்த துணியில் இப்படிக் கோடு வராது, பரவலாக மெலிந்திருக்கும். தொங்கும் வளையத்தைக் கத்தரிக்காதீர்கள். கத்தரித்தால் அந்த வரிசை அறுந்து, அதைப் பிடித்திருந்த கண்ணிகளும் அவிழ்ந்து ஓட்டையாகிவிடும். துணியை மெல்ல இருபக்கமும் இழுத்துவிட்டால் நூல் கொஞ்சம் திரும்பிப் போகும். மீதியைப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, ஊசியால் உள்பக்கமாக இழுத்துவிடச் சொல்லுங்கள்.

ஜிப்பை மூடுவது ஜிப்புக்கும் நல்லது. மூடியிருக்கும்போது இரண்டு வரிசைப் பற்களும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. திறந்திருந்தால் ஒவ்வொரு நாடாவும் தனியாக முறுக்கிக்கொள்ளும், பற்கள் வளையும் அல்லது நகரும். பிறகு ரன்னரை இழுத்தால் ஓர் இடத்தில் பிடிக்காமல் வாயைத் திறக்கும். ஜீன்ஸில் இன்னொரு நுட்பம் உண்டு. பெரும்பாலான ஜீன்ஸ் ரன்னருக்குள் ஒரு சின்ன முள் இருக்கிறது. இழுக்கும் தகட்டைக் கீழே படுக்க வைத்தால் முள் பற்களுக்கு நடுவே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். தகடு நிமிர்ந்து நின்றால் பூட்டு விடுபட்டு, மெஷின் ஆட்டும்போது ஜிப் தானாக இறங்கிவிடும். ஆகவே மூடினால் மட்டும் போதாது, தகட்டையும் படுக்க வையுங்கள்.

ஜிப்பை மூடிய பிறகு பேன்ட்டைத் திருப்புவது எளிது. இடுப்பு வழியாக ஒரு கையை விட்டுக் காலின் அடியைப் பிடித்து இழுத்தால் போதும், அடுத்து மற்றக் கால். அப்போது ரன்னரின் தகடும் உலோகப் பட்டனும் உள்பக்கம் போய்விடும். ஜீன்ஸில் ஜிப்பின் பின்னால் ஒரு துணிப்பட்டையும் தைத்திருப்பார்கள், பற்கள் அதன் மறைவில் இருக்கும். சட்டைப் பட்டன்களுக்கு இதே விதி பொருந்தாது. அவற்றைத் திறந்தே விடவேண்டும். பூட்டிய பட்டனை மெஷின் இழுக்கும்போது பட்டன் தைத்த நூலும் பட்டன் துளையின் ஓரமும் நைந்துபோகும்.

திருப்பித் துவைக்கும் இந்த வழியால் ஆகாத காரியங்களும் இருக்கின்றன. புதிய துணியில் ஒட்டாமல் மிஞ்சிய சாயம் தண்ணீரில் கரைந்து வெளியேறும். துணியை எந்தப் பக்கம் திருப்பினாலும் தண்ணீர் இரண்டு பக்கமும் புகுந்துவிடும் என்பதால் அந்தச் சாயம் வரத்தான் செய்யும், பக்கத்து வெள்ளைச் சட்டையிலும் ஏறும். அதற்கு வழி தனியாகத் துவைப்பது. வெயிலும் சாயத்தை உடைக்கும். காயப் போடும்போதும் திருப்பியபடியே போட்டால் நேர் வெயில் உள்பக்கத்தில் விழும்.

அழுக்கு எந்தப் பக்கம் என்பதையும் பார்க்கவேண்டும். அன்றாடம் துணியில் சேரும் வியர்வை, உடம்பு எண்ணெய், உதிர்ந்த தோல் எல்லாம் உள்பக்கத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்குத் திருப்பித் துவைப்பது இன்னும் வசதி, உரசல் அழுக்கு இருக்கும் பக்கத்திலேயே விழுகிறது. மைதானத்தில் விழுந்து முழங்காலில் சேற்றோடு வந்தால் கதை வேறு. சேறு வெளிப்பக்கத்தில் இருக்கிறது. அப்படியே திருப்பிப் போட்டால் அது போதிய உரசல் இல்லாமல் தங்கிவிடும். சேறு காய்ந்ததும் உதறி, அந்த இடத்தை மட்டும் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கையால் கசக்கி அலசுங்கள். பிறகு ஜிப்பை மூடி, தகட்டைப் படுக்க வைத்து, பேன்ட்டைத் திருப்பி மெஷினில் போடலாம்.